மாணவர் எழுதியதே வீட்டுப்பாடம்: ஒரு பத்தியை வைத்து ஒரு வாரம்

தனிப்பயிற்சியாகத் தமிழ் சொல்லிக்கொடுப்பவர்களிடம் கோடிட்ட இடங்களை நிரப்பும் தாள்கள் எப்போதும் ஒரு கட்டு இருக்கும். அவற்றைத் தயாரிப்பது எளிது, திருத்துவது அதைவிட எளிது, பெற்றோர் கேட்டால் சொல்வதற்குப் பத்துக்கு இத்தனை என்று ஓர் எண்ணும் கிடைத்துவிடும். ஆனால் அந்தத் தாளில் பத்துக்குப் பத்து வாங்கிய மாணவர், அடுத்த நாள் சொந்தமாக ஒரு பத்தி எழுதும்போது, தாளில் சரியாகச் செய்த அதே இலக்கணத்தைத் தவறவிடுவதை இத்தொழிலில் இருக்கும் எவரும் பார்த்திருப்பார். என்னிடம் பயின்றவர்களிடம் இது திரும்பத் திரும்ப நடந்ததைப் பார்த்த பிறகுதான், மாணவர் எழுதிய வரிகளிலிருந்தே வீட்டுப்பாடத்தை உருவாக்கும் வழக்கத்துக்கு மாறினேன்.

தாளுக்கும் பத்திக்கும் இடையே இப்படி வேறுபாடு வருவதற்குக் காரணம் மாணவரின் மறதி அன்று. கோடிட்ட இடம் மாணவருக்கு இரண்டு உதவிகளைச் செய்துவிடுகிறது: எந்த இடத்தில் யோசிக்க வேண்டும் என்பதைக் கோடு காட்டிவிடுகிறது, எதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பதைத் தாளின் தலைப்பு சொல்லிவிடுகிறது. சொந்தமாக எழுதும்போது இந்த இரண்டு உதவிகளும் இருப்பதில்லை. இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது என்பதை எழுதுபவரே உணர வேண்டும், அந்த உணர்வைத் தாள் ஒருபோதும் சோதிப்பதில்லை. ஆகவே நான் கொடுக்கும் வீட்டுப்பாடத்தில் ஒரே ஒரு கோட்பாட்டைத்தான் பின்பற்றுகிறேன்: முதல் நாளில் இடத்தைக் காட்டிக் கேட்பது, சில நாள் கழித்து எண்ணிக்கையை மட்டும் சொல்லி இடத்தை மறைப்பது, வார முடிவில் எதையும் சொல்லாமல் புதிதாக எழுதவைப்பது. மூலப்பொருள் மூன்று கட்டங்களிலும் மாணவர் எழுதியதே. இதைப் பொதுவாக விளக்குவதைவிட, ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவர் எழுதிய பத்தியை எடுத்து, அதிலிருந்து ஒரு வாரத்து வேலை எப்படி உருவானது என்று காட்டுவது பயன்படும்.

பத்தியை வீட்டில் எழுதிக்கொண்டு வரச் சொல்வதில்லை. வீட்டில் எழுதியதில் அக்காவின் கையோ கையேட்டின் வரியோ கலந்திருந்தால், மாணவர் செய்யாத பிழையை நாம் திருத்திக்கொண்டும், அவர் செய்யும் பிழையைக் காணாமலும் இருப்போம். வகுப்பின் தொடக்கத்தில் பத்துப் பதினைந்து நிமிடம், என் முன்னால், அழிப்பான் இல்லாமல் பேனாவால் எழுத வேண்டும். அடித்து எழுதலாம். அடித்த சொல்லும் எனக்குத் தேவை, ஏனெனில் அங்கே மாணவர் தயங்கியிருக்கிறார் என்பதை அது காட்டுகிறது. எழுதியதும் பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அன்று சிவப்பு மை எதையும் தொடாது. "உன்னால் வீட்டுக்குள் போக முடியாமல் நின்ற ஒரு நேரம்" என்று தலைப்புக் கொடுத்தபோது அந்த மாணவி எழுதியது இது. பிழைகளை அப்படியே விட்டிருக்கிறேன்.

"நேற்று மாலை நான் வீட்டுக்கு வந்து கதவு பூட்டி இருந்தது. சாவி என் பையில் இல்லை. அம்மாவை கூப்பிட்டு அவர் போனை எடுக்கவில்லை. நான் படியில் உட்கார்ந்து புத்தகத்தை படித்தேன். மழை தொடங்கி என் பை நனைந்தது. பக்கத்து வீட்டு பாட்டி என்னை பார்த்து உள்ளே அழைத்தார். அவர் வீட்டில் இரண்டு பூனைகள் தூங்கிக்கொண்டிருந்தது. பூனைகளை பார்த்து எனக்கு பயம் போனது. அம்மா வந்து நான் வீட்டுக்கு போனேன்."

இதைப் படித்தவுடன் நம் கை முதலில் போவது விடுபட்ட ஒற்றுகளின் பக்கம்தான். அம்மாவைக் கூப்பிட்டு, புத்தகத்தைப் படித்தேன், வீட்டுக்குப் போனேன் என்று வரிசையாகக் கண்ணில் படும். அடுத்து "பூனைகள் தூங்கிக்கொண்டிருந்தது" என்ற ஒருமை பன்மை மயக்கம். இவற்றையெல்லாம் வட்டமிட்டுக் கொடுத்தால் பக்கம் சிவந்துவிடும், மாணவர் வட்டங்களைப் பார்த்துச் சரியான வடிவத்தை மேலே எழுதிக்கொண்டு வருவார், அத்துடன் அது முடிந்துபோகும். ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு வகைப் பிழையைத்தான் எடுத்துக்கொள்வது என்று நான் வைத்திருக்கிறேன். எதை எடுப்பது என்பதற்கு இரண்டு கேள்விகள் போதும். படிப்பவருக்கு எது குழப்பத்தைத் தருகிறது? இந்தப் பத்தியிலேயே அது எத்தனை முறை வருகிறது, அவற்றில் எத்தனை சரி, எத்தனை தவறு?

இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. தவறுகளை மட்டும் எண்ணினால் போதாது, அந்த இலக்கணம் தேவைப்பட்ட இடங்கள் எல்லாவற்றையும் எண்ண வேண்டும். பூனைகள் பற்றிய பிழை ஒரே ஓர் இடத்தில் வருகிறது. அஃறிணைப் பன்மை எழுவாய் அந்தப் பத்தியில் வேறெங்கும் இல்லை. அந்த ஒன்றை வைத்து, அவருக்கு விதி தெரியவில்லையா, எழுதும் வேகத்தில் நழுவிவிட்டதா என்று சொல்ல முடியாது. இப்படிப்பட்டவற்றுக்கு ஓர் எளிய சோதனை உண்டு. அந்த வாக்கியத்தை மட்டும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லிவிட்டு அமைதியாக இருப்பேன். அவர் தானாகவே "தூங்கிக்கொண்டிருந்தன" என்று மாற்றிப் படித்தார். எனவே அது நழுவல். நழுவலுக்கு வீட்டுப்பாடம் தேவையில்லை, எழுதிய பின் ஒரு முறை படித்துப் பார்க்கும் பழக்கம் போதும்.

நான் எடுத்துக்கொண்டது வினையெச்சம். வந்து, கூப்பிட்டு, உட்கார்ந்து, தொடங்கி, பார்த்து என்று இந்தச் சிறு பத்தியில் ஏழு இடங்களில் அவர் எச்சத்தால் வாக்கியங்களை இணைத்திருக்கிறார். "பூட்டி இருந்தது", "தூங்கிக்கொண்டிருந்தது" ஆகியவை துணைவினை சேர்ந்தவை என்பதால் அவற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை. "செய்து" என்னும் வாய்பாட்டு எச்சம் வந்தால், எச்சத்தின் செயலைச் செய்தவரும் முற்றுவினையின் செயலைச் செய்தவரும் ஒருவராகவே இருப்பது இயல்பு. "நான் உட்கார்ந்து படித்தேன்" என்பதில் உட்கார்ந்ததும் நான், படித்ததும் நான். "பாட்டி என்னைப் பார்த்து அழைத்தார்" என்பதும் அப்படியே. இவை இரண்டும் சரி. "நான் வந்து கதவு பூட்டி இருந்தது", "அம்மாவைக் கூப்பிட்டு அவர் எடுக்கவில்லை", "அம்மா வந்து நான் போனேன்" ஆகிய மூன்றும் தவறு. மீதி இரண்டும் எல்லைக்கோட்டில் நிற்பவை, அவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ஏழில் மூன்று தவறு, இரண்டு சரி என்ற இந்தக் கணக்குதான் இப்பிழையைப் பாடமாக்கத் தகுந்ததாக்குகிறது. மாணவர் தம்மை அறியாமலேயே சில இடங்களில் சரியாகச் செய்கிறார், ஆகவே ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அவருடைய சொந்த வாக்கியங்களே இருக்கின்றன. எல்லா இடத்திலும் தவறாக எழுதுபவருக்கு இந்த வழி பொருந்தாது, அவருக்கு முதலில் பாடத்தைத்தான் நடத்த வேண்டும்.

இதே மாணவி இதற்கு முந்தைய மாதம் இதே இலக்கணத்தில் ஒரு தாளை முழுவதும் சரியாக நிரப்பியிருந்தார். "அவன் ______ நாங்கள் சாப்பிட்டோம்" என்று கொடுத்து, வந்து, வந்ததும் என்ற இரண்டையும் அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தால், அவனும் நாங்களும் கோட்டின் இருபுறமும் நிற்பது யாருக்கும் தெரியும். அவருடைய சொந்தப் பத்தியிலோ "நான் வீட்டுக்கு வந்து" என்று எழுதும்போது கதவு இன்னும் காகிதத்துக்கு வரவில்லை. எச்சத்தை எழுதிய பிறகுதான் வாக்கியத்தின் மறுபாதியில் யார் வரப்போகிறார் என்பதே முடிவாகிறது. பிழை பிறக்கும் இடம் அதுதான், அதைக் கோடிட்ட தாளால் உருவாக்கிக் காட்ட முடியாது.

முதல் நாள் வேலை மிகச் சிறியது. அந்த ஏழு வாக்கியங்களை மட்டும் ஒரு தாளில், சரியானவற்றையும் தவறானவற்றையும் கலந்து, அவர் எழுதிய வரிசையிலேயே எழுதிக்கொடுத்தேன். ஒவ்வொன்றின் கீழும் இரண்டு சிறு கேள்விகள்: முதல் செயலைச் செய்தது யார் அல்லது எது? இரண்டாம் செயலைச் செய்தது யார் அல்லது எது? திருத்தச் சொல்லவில்லை. வினையெச்சம் என்ற சொல்லும் தாளில் இல்லை. முதல் வாக்கியத்தை வகுப்பிலேயே சேர்ந்து செய்தோம்.

"வந்தது யார்?" என்று கேட்டேன்.

"நான்தான், சார்."

"பூட்டி இருந்தது எது?"

"கதவு." ஒரு நொடி தாளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அப்படின்னா கதவும் என்கூட வந்த மாதிரி இருக்கு, சார்."

விதியை நான் சொல்லியிருந்தால் அதற்கு இவ்வளவு தெளிவு வந்திருக்காது. மீதி ஆறையும் வீட்டில் செய்துகொண்டு வந்தபோது, இருவர் வேறுபடும் வாக்கியங்களைத் தாமாகவே கோடிட்டிருந்தார். மொத்தம் ஐந்து. அந்த ஐந்தில் மூன்றுதான் நான் தவறு என்று குறித்தவை, மற்ற இரண்டும் மழையும் பூனையும்.

இங்கே ஆசிரியர் சற்று நிதானிக்க வேண்டும். "மழை தொடங்கி என் பை நனைந்தது" என்பதில் எழுவாய்கள் வேறாக இருந்தாலும் முதற்செயல் இரண்டாவதற்குக் காரணமாக நிற்கிறது. "மழை பெய்து நெல் விளைந்தது" போன்ற தொடர்களை இலக்கணம் எச்சத்திரிபு என்று ஏற்றுக்கொள்கிறது, பேச்சிலும் எழுத்திலும் இவ்வமைப்பு இயல்பாகவே ஒலிக்கிறது. "பூனைகளைப் பார்த்து எனக்குப் பயம் போனது" என்பதில் எழுவாய் பயம் என்றாலும், பார்த்தவரும் பயம் நீங்கியவரும் ஒருவரே என்பதால் படிப்பவர் தடுமாறுவதில்லை. இவற்றைத் தவறு என்று அடித்தால், நாளை அவர் படிக்கும் நல்ல உரைநடையிலேயே அதைக் கண்டு நம்மைக் கேட்பார். இரண்டையும் சரி என்று விட்டுவிட்டு, ஏன் விட்டேன் என்பதை இரண்டு வாக்கியத்தில் சொன்னேன். மாணவரின் எழுத்திலிருந்து பாடம் தயாரிக்கும்போது இத்தகைய எல்லைக்கோட்டு வாக்கியங்கள் கட்டாயம் வரும். அச்சிட்ட தாளில் அவை வராததற்குக் காரணம், தாளைத் தயாரித்தவர் அவற்றை முன்பே ஒதுக்கிவிடுகிறார் என்பதுதான். எனவே தாளை மாணவரிடம் கொடுக்கும் முன் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நம் தீர்ப்பையும் காரணத்தையும் எழுதிப் பார்த்துக்கொள்வது நல்லது. காரணம் எழுத வராத வாக்கியத்தைத் தாளிலிருந்து நீக்கிவிடுவேன்.

இரண்டாம் வேலை, தவறான மூன்று வாக்கியங்களையும் ஒவ்வொன்றும் இரண்டு விதமாக மாற்றி எழுதுவது, பிறகு பத்திக்குள் எது பொருந்துகிறது என்று ஒன்றைத் தேர்ந்து, காரணத்தை ஒரு வரியில் எழுதுவது. ஒரே விடை கேட்டால் "வந்து" இருந்த இடத்திலெல்லாம் "வந்தபோது" என்று போட்டு முடித்துவிடுவார்கள். இரண்டு கேட்கும்போது வாக்கியத்தின் பொருளைத் தொட்டாக வேண்டியிருக்கிறது. அவர் எழுதிய "நான் வீட்டுக்கு வந்தபோது கதவு பூட்டி இருந்தது" என்பதும் "நான் வீட்டுக்கு வந்தேன். கதவு பூட்டி இருந்தது" என்பதும் இரண்டுமே சரி. முதலாவது பத்தியின் தொடக்கத்துக்கு நன்றாக இருக்கிறது என்றும், இரண்டாவதில் கதவு பூட்டியிருந்தது ஒரு அதிர்ச்சி போல வருகிறது என்றும் எழுதியிருந்தார். அம்மாவைப் பற்றிய வாக்கியத்துக்கு "அம்மாவைக் கூப்பிட்டேன், ஆனால் அவர் போனை எடுக்கவில்லை" என்று ஒன்றும், "அம்மாவைக் கூப்பிட்டும் அவர் போனை எடுக்கவில்லை" என்று இன்னொன்றும் கொண்டுவந்தார். இரண்டாவதை எழுதிவிட்டு அவரே கேட்டார்: "கூப்பிட்டு என்று எழுதினால் தப்பு, கூப்பிட்டும் என்றால் மட்டும் எப்படி இரண்டு பேர் வரலாம்?" உம் சேர்ந்ததும் "அப்படிச் செய்தபோதிலும்" என்ற பொருள் வந்துவிடுவதால், இருவர் வந்தாலும் தொடர் முறிவதில்லை என்று விளக்கினேன். எந்தத் தாளிலும் நான் போட்டிராத கேள்வி இது.

மூன்றாம் வேலைக்கு நான்கைந்து நாள் இடைவெளி வேண்டும். அடுத்த நாளே கொடுத்தால் நினைவிலிருந்து செய்துவிடுவார். இதற்கு முழுப் பத்தியையும் தட்டச்சு செய்தேன். விடுபட்ட ஒற்றுகளையும் பூனைகளின் பன்மையையும் ஒன்றும் சொல்லாமல் நானே சரிசெய்துவிட்டேன், இல்லையென்றால் கண் அவற்றின் மேலேயே போய் நிற்கும். மூன்று தவறுகளில் ஒன்றை அவர் தேர்ந்த வடிவத்தில் திருத்தி வைத்து, மற்ற இரண்டையும் பழையபடி விட்டேன். தாளின் மேலே "இதில் இரண்டு வாக்கியங்களில் செய்தவர் மாறுகிறார், ஆனால் வாக்கியம் அதைக் காட்டவில்லை" என்று மட்டும் எழுதியிருந்தேன். எந்த வாக்கியங்கள் என்று சொல்லவில்லை. இந்தக் கட்டத்தில் நானாக ஒரு பிழையை உருவாக்கி நடுவில் நுழைப்பதில்லை. மாணவர் ஒருபோதும் செய்யாத பிழையை அவர் பெயரில் எழுதிக்காட்டினால், அதை அவர் புதிதாகக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பும் உண்டு, "நான் இப்படி எழுதவே இல்லையே" என்று நம்பிக்கை கெடும் வாய்ப்பும் உண்டு.

இந்தத் தாளால் ஒரு சிறு சிக்கல் வந்தது. பிழையான வாக்கியங்கள் அச்சில் இருப்பதைப் பார்த்த மாணவியின் தாயார், "சார், நீங்க குடுத்த தாளிலேயே தப்பு இருக்கே?" என்று தொலைபேசியில் கேட்டார். அவர் கேட்டதில் குறை சொல்ல முடியாது. அன்றிலிருந்து இத்தகைய ஒவ்வொரு தாளின் தலைப்பிலும் "மாணவர் எழுதியது, திருத்தப் பயிற்சிக்காக" என்ற வரியையும் தேதியையும் போட்டுவிடுகிறேன். அத்துடன், மாதத்தின் முதல் பத்தியையும் கடைசிப் பத்தியையும் அருகருகே வைத்து, எடுத்துக்கொண்ட இலக்கணம் எத்தனை இடத்தில் தேவைப்பட்டது, எத்தனை இடத்தில் சரியாக வந்தது என்று அடியில் எழுதிப் பெற்றோருக்குக் காட்டுகிறேன். பத்துக்குப் பத்து என்ற எண் போனதற்கு ஈடாக அவர்கள் கையில் வேறோர் எண் இருக்கிறது.

வாரத்தின் கடைசி வேலை புதிய எழுத்து. இதில் தலைப்பைத் தேர்வது பாதி வேலை. எழுவாய் மாறும் வாக்கியங்களைத் தவிர்க்க முடியாதபடி தலைப்பு இருக்க வேண்டும், ஆனால் இலக்கணத்தைப் பற்றி ஒரு சொல்லும் இருக்கக் கூடாது. "நான் விடுமுறையில் செய்தவை" என்று கொடுத்தால் முழுவதும் நான் நான் என்றே போகும், பயிற்சிக்கு இடமே வராது. "நீ ஒரு வேலையில் இருந்தபோது வேறொருவர் குறுக்கே வந்ததால் என்ன ஆனது?" என்று கொடுத்தேன். வகுப்பில் எழுதிய அந்தப் பத்தியின் முதல் மூன்று வாக்கியங்கள்:

"நான் கணக்கு போட்டுக்கொண்டிருந்தபோது தம்பி வந்தான். அவன் அழுததும் நான் நோட்டை மூடினேன். நான் அவனை தூக்கியபோது வெளியே போனேன்."

முதல் இரண்டும் நாம் எதிர்பார்த்தவை. மூன்றாவதுதான் அடுத்த வாரத்தின் விதை. தூக்கியதும் நான், போனதும் நான். "தூக்கிக்கொண்டு வெளியே போனேன்" என்று எச்சமே வர வேண்டிய இடத்தில், புதிதாகக் கற்ற "போது" வந்து உட்கார்ந்துகொண்டது. புதிதாகக் கற்ற வடிவம் சில வாரங்களுக்கு இப்படி அளவு மீறிப் பரவும். இதைப் பார்த்துப் பாடம் ஏறவில்லை என்று முடிவுகட்டக் கூடாது. மாறாக, அவர் இப்போது அந்த இடத்தில் ஒரு முடிவு எடுக்கிறார் என்பதற்கு இதுவே சான்று, முடிவின் எல்லைதான் இன்னும் தெளிவாகவில்லை. அடுத்த வாரத் தாளின் முதல் வரியாக இந்த வாக்கியத்தையே வைத்து, அதன் அருகில் முதல் வாரத்தில் அவரே சரியாக எழுதிய "நான் படியில் உட்கார்ந்து புத்தகத்தைப் படித்தேன்" என்பதையும் வைத்தேன். இரண்டுக்கும் அதே பழைய கேள்விதான்: முதலில் யார், பிறகு யார்? இரண்டு நிமிடத்தில் திருத்திவிட்டார்.

அளவு மீறலைவிடக் கவலைக்குரியது தவிர்த்தல். சில மாணவர்கள் பிழை சுட்டப்பட்ட அமைப்பையே கைவிட்டுவிடுவார்கள். "நான் வந்தேன். கதவு பூட்டி இருந்தது. அம்மாவைக் கூப்பிட்டேன். அவர் எடுக்கவில்லை" என்று எல்லாமே துண்டு வாக்கியங்களாக வரும். பிழை ஒன்றுகூட இருக்காது, மதிப்பெண்ணும் கூடும், ஆனால் எழுத்து பின்னுக்குப் போயிருக்கும். தவறுகளை மட்டும் எண்ணும் ஆசிரியருக்கு இது முன்னேற்றமாகவே தெரியும். தேவைப்பட்ட இடங்களையும் சேர்த்து எண்ண வேண்டும் என்று முன்னர்ச் சொன்னதற்கு இது இன்னொரு காரணம். ஏழு இணைப்பு வாக்கியங்கள் இருந்த பத்தி ஒன்றோ இரண்டோ ஆகிவிட்டால், பிழை குறைந்ததைக் கொண்டாடாமல், அந்தத் துண்டுகளையே எடுத்து "இவற்றில் இரண்டிரண்டாக நான்கு இடங்களில் சேர்த்து எழுது" என்று கொடுக்கிறேன். இந்தப் பயிற்சிக்கும் மூலம் அவருடைய வாக்கியங்களே.

மூன்றாம் வாரத்தில்தான் ஒற்றுக்கு வந்தேன். அதற்கு இதே முதல் பத்தியைப் பயன்படுத்தினேன், ஆனால் வேறு விதமாக. பத்தியில் அவர் சரியாகப் போட்டிருந்த "தூங்கிக்கொண்டிருந்தது" என்பதன் ஒற்றையும் நீக்கி, மிகும் ஒற்று எதுவுமே இல்லாத ஒரு படியைத் தட்டச்சு செய்து, "எட்டு இடங்களில் ஒற்று மிகும்" என்று மட்டும் சொன்னேன். கோடும் இல்லை, இடைவெளியும் இல்லை. கண்டுபிடித்தவற்றை, ஒற்றுக்கு முன்னால் நிற்கும் சொல் எப்படி முடிகிறது என்பதைப் பார்த்துக் குழுவாகப் பிரிக்க வேண்டும். ஐ என்ற உருபில் முடிபவை நான்கு, கு என்ற உருபில் முடிபவை இரண்டு, மீதி "வீட்டுப் பாட்டி" ஒன்று, "தூங்கிக்கொண்டு" ஒன்று. இரண்டாம் வேற்றுமை, நான்காம் வேற்றுமை உருபுகளின் பின் வல்லினம் மிகும் என்ற விதியை அவரே தம் பத்தியின் ஆறு இடங்களிலிருந்து எழுதிக்கொண்டார். மீதி இரண்டையும் அன்று விளக்காமல் விட்டேன். இங்கும் அளவு மீறல் வந்தது: அடுத்த பத்தியில் "அம்மா வந்தப் பிறகு", "பெரியப் பை" என்று தலைகாட்டியது. பெயரெச்சத்தின் பின் ஒற்று மிகாது என்பதைச் சொல்வதற்குச் சரியான வாரம் அதுதான். அதற்கு முன் சொல்லியிருந்தால், தொங்குவதற்கு ஆணி இல்லாத சட்டை போலக் கீழே விழுந்திருக்கும்.

இப்படித் தாள் தயாரிக்க ஒரு மாணவருக்கு வாரம் இருபது முதல் முப்பது நிமிடம் ஆகிறது. கைவசம் உள்ள அச்சுத்தாளை எடுத்துக்கொடுக்க ஒரு நிமிடம்கூட ஆகாது என்பதால், இந்த வேறுபாட்டை மறைத்துச் சொல்வது நியாயமாகாது. நேரத்தில் பாதி, எதை எடுப்பது என்று முடிவு செய்வதில் போகும். எல்லா மாணவருக்கும் எல்லா வாரமும் என்னால் இது முடிவதில்லை. ஒருவருக்கு ஒரு வாரம் புதிய பத்தி, மறுவாரம் அதன் தொடர்ச்சி என்று மாற்றி மாற்றி வைத்தால் சமாளிக்கலாம். நான்கைந்து பேர் சேர்ந்து படிக்கும் வகுப்பில், பொதுவான ஒரு பிழையைத் தேர்ந்து, தாளை ஒன்றாக அமைத்து, ஒவ்வொருவர் பத்தியிலிருந்தும் இரண்டு வாக்கியங்களை எடுக்கிறேன். அதில் ஒன்று சரியானதாக இருக்கும். யார் எழுதியது என்று போடுவதில்லை, இருந்தாலும் முன்கூட்டி அனுமதி கேட்டுவிடுகிறேன். கையெழுத்தைப் பார்த்தே யாருடையது என்று தெரிந்துவிடும் என்பதால் தட்டச்சு செய்வது கட்டாயம்.

எடுக்கவே கூடாத பத்திகளும் உண்டு. வீட்டில் நடந்த சண்டை, நோய், இழப்பு ஆகியவற்றைப் பற்றி ஒரு மாணவர் எழுதிவிட்டால், அந்தப் பத்தியில் எத்தனை அருமையான பிழைகள் இருந்தாலும் அது பயிற்சித்தாள் ஆகாது. அதைப் படித்தேன் என்பதைத் தெரிவித்து, எழுதியதற்கு மறுமொழி எழுதிவிட்டு, வேறு தலைப்பில் இன்னொரு பத்தி வாங்கிக்கொள்வதுதான் முறை. பேச்சு வழக்கில் எழுதியவற்றையும் பிழைப் பட்டியலில் சேர்ப்பதில்லை. உரையாடலுக்குள் "வந்துச்சு" வருவது சரியே, விவரிப்பில் வந்தால் மட்டும் எழுத்து வழக்கில் ஒருமுறை மாற்றி எழுதச் சொன்னால் போதும்.

கோடிட்ட தாள்களை நான் தூக்கிப் போட்டுவிடவில்லை. தேர்வில் அந்த வகை வினா வரும் என்றால், தேர்வுக்கு முந்தைய வாரங்களில் அவற்றைத் தேர்வுப் பயிற்சியாகவே கொடுக்கிறேன். நான்கைந்து வாக்கியங்களுக்கு மேல் எழுத வராத தொடக்க நிலையினருக்கும் அவை தேவைப்படுகின்றன, ஏனெனில் அவர்களிடமிருந்து எடுப்பதற்குப் போதிய எழுத்து இன்னும் இல்லை. மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது: மாணவர் தம் எழுத்தில் ஒருபோதும் தொடாத அமைப்புகள். நிபந்தனை எச்சத்தையோ செயப்பாட்டு வினையையோ அவர் பயன்படுத்துவதே இல்லை என்றால், அவர் பத்திகளில் அவற்றின் பிழையும் இருக்காது. அப்போது அந்த அமைப்பு உள்ள ஆறேழு வாக்கியங்களைத் தாளில் கொடுத்து அறிமுகம் செய்துவிட்டு, "சாவி அன்று பையில் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்?" என்று அவருடைய பழைய பத்தியின் மேலேயே ஒரு கேள்வி கேட்கிறேன். அதற்கு அவர் எழுதும் பதில் அடுத்த வாரத் தாளுக்கு மூலப்பொருளாகிவிடுகிறது.